பக்கிரிசாமியின் சோளத்துக்குக் காய்ச்சல்

உலகத்தில் சோளத்தின் மனசை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடவுள். சோளத்தைப் படைத்தவர் என்பதால் அவருக்கு இதில் கொஞ்சம் சலுகை உண்டு. மற்றவர் பக்கிரிசாமி. எந்தச் சலுகையும் இல்லாமல், கட்டைவிரல் ஒன்றை மட்டும் நம்பி அந்த இடத்துக்கு வந்தவர்.

இந்தத் தகவலை வெளியிட்டவர் பக்கிரிசாமியே. கிள்ளானில் புதன்கிழமை சாயங்காலம் கூடும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், லாட் என்கிற பதினான்காம் எண் கடையிடத்தில், பதினோரு வருஷமாகச் சோளம் விற்கிறார். பானையில் அவித்ததும் உண்டு, வீட்டுக்குக் கொண்டுபோகத் தோலோடு பச்சையாகவும் உண்டு. வாங்க வருகிறவர்களுக்குச் சோளம் கட்டாயமில்லை. பேச்சைக் கேட்காமல் போகத்தான் முடியாது.

"ஆன்டி, அந்தத் தோலை உரிக்காதீங்க."

"உள்ள பார்க்க வேணாமா?"

"டாக்டர் உங்களைப் பார்க்கணும்னா வயித்தைக் கிழிச்சா பார்க்கிறாரு? வெளிய அமுக்கிப் பார்த்துத்தானே மருந்து எழுதறாரு. உரிச்சுட்டு நீங்க வேற ஒண்ணை எடுத்துட்டுப் போயிடுவீங்க. உரிச்சது இங்க கெடந்து காயும். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

பிறகு பாடம் நடக்கும். தோல் பச்சையாக, ஈரமாக, கதிரை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். நுனியில் தொங்கும் நார் பழுப்பாக இருக்கலாம், ஆனால் கறுத்துக் கொழகொழவென்று இருக்கக்கூடாது. ஒவ்வொரு நாரும் உள்ளே ஒரு மணிக்குப் போகிறது என்பதால் நார் அடர்த்தியாக இருந்தால் மணியும் அடர்த்தி. காம்பை வெட்டிய இடம் வெளுப்பாக இருக்க வேண்டும். கடைசியாகக் கட்டைவிரலைத் தோலின் மேல் அடியிலிருந்து நுனிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். மணிகள் வரிசையாகத் தட்டுப்பட்டு, நுனி மொழுக்கென்று உருண்டிருந்தால் கதிர் முழுசாக நிறைந்திருக்கிறது. நுனி ஊசி மாதிரி கூம்பினால் உள்ளே பாதி காலி.

இதெல்லாம் உண்மைதான். இதில் எதையும் யாரும் குறை சொல்ல முடியாது. பக்கிரிசாமியின் தொல்லையே அதுதான், பாதி விஷயத்தில் அவர் சொல்வது சரி.

மீதிப் பாதியில் அவருக்கு மூன்று எதிரிகள். தோலை உரிப்பவர்கள், பானையில் சீனி போடுபவர்கள், சோளத்தை ஐஸில் வைப்பவர்கள். முதல் வகை அறியாதவர்கள், மன்னிக்கலாம். இரண்டாம் வகை ஏமாற்றுக்காரர்கள், ஆனால் ஏமாற்றவும் ஒரு முயற்சி வேண்டும். மூன்றாம் வகையில் ஒரே ஒருத்தி இருந்தாள். அவருடைய மச்சினிச்சி தாமரை.

தாமரை பெட்டாலிங் ஜெயாவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவள். தொழிற்சாலை மூடியதும், கையில் மிஞ்சிய ஒரு ஊசித் தெர்மாமீட்டரோடு பிரிக்ஃபீல்ட்ஸில் சோளக் கடை போட்டாள். சோளத்தை வெள்ளை மீன் பெட்டியில் ஐஸுக்கு நடுவில் புதைத்து வைப்பாள்.

"பொணத்துக்குத்தான் ஐஸ் வைப்பாங்க தாமரை," என்பார் பக்கிரிசாமி. "இல்லேன்னா மீனுக்கு. ஒன் கடைக்கு வர்றவன் ஜாகோங்னு சோளம் கேக்கறதா, கெம்போங்னு மீன் கேக்கறதான்னு முழிக்கிறானாம்."

"நீங்க வைக்காதீங்க மாமா. வெயில்லயே வைங்க, அதுலயே வெந்துடும். கேஸ் மிச்சம்."

மாமனும் மச்சினிச்சியும் என்றால் இப்படித்தான். அதனால் அவள் உண்மையைச் சொல்லும்போதும் கிண்டல் என்றே பக்கிரிசாமி எடுத்துக்கொண்டார். பெரிய வசதி.

*

அந்த வருஷம் அவருடைய மனைவி மலர்விழி, மூத்த மகளின் பிரசவத்துக்காகப் பந்திங்குக்குப் போய் மூன்று வாரம் தங்கினாள். கடையில் பானையைக் கவனிப்பது எப்போதும் மலர்விழிதான். அந்த மூன்று புதன்கிழமையும் பக்கிரிசாமியே பானை, அவரே அடுப்பு, அவரே பாடம்.

நான்காவது வாரம் சந்தை வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சங்கத்துச் செயலாளர் சிவகுருநாதன், நில அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வம்சம். மழை பெய்தாலும் அதற்கு இரண்டு பிரதி கேட்கக்கூடியவர்.

கடிதம் இப்படி இருந்தது. 'தங்கள் லாட்டில் விற்கப்படும் சோளம் தொடர்பாக மூன்று புகார்கள் கிடைத்துள்ளன. முதலாவது, சோளம் உருளைக்கிழங்கு போல் உள்ளது. இரண்டாவது, சோளம் உருளைக்கிழங்கு போல் உள்ளது, குழந்தை துப்பிவிட்டது. மூன்றாவது, முதலாவதைப் போன்றதே. எனவே வரும் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குச் சங்கம் தங்கள் சோளத்தைச் சுவைத்துப் பார்க்கும். தாங்கள் பத்துக் கதிர்கள் தர வேண்டும். அதில் ஒன்றைச் சங்கமே தெரிவு செய்து, சங்கத்துப் பாத்திரத்தில், வெறும் நீரில் அவிக்கும். திருப்தி இல்லையெனில் லாட் எண் 14, காத்திருப்போர் பட்டியலில் முதலில் உள்ள வாஃபிள் கடைக்கு வழங்கப்படும்.'

பக்கிரிசாமி கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பதினோரு வருஷத்து இடம். மின்கம்பத்துக்குப் பக்கத்தில், பஸ் நிறுத்தத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் மிதிக்கிற இடம். அங்கே வாஃபிள்.

"வாஃபிளுக்குக் காம்பு உண்டா?" என்றார். "நார் உண்டா? எதை அமுக்கிப் பார்த்து வாங்குவான்?"

சோதனைக்குப் பயப்படவில்லை. வருத்தம்தான். கடவுளுக்கே பரீட்சை வைக்கிறார்கள் என்ற வருத்தம்.

*

சோளம் வாங்க அவர் ஜெஞ்சாரோமுக்குப் போவது செவ்வாய்க்கிழமை மத்தியானம். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே லெட்சுமி என்ற அம்மா மூன்று ஏக்கரில் சோளம் போட்டிருந்தாள். புதன் விடியற்காலையில் வந்தால் பனியோடு பறித்துத் தருவதாக லெட்சுமி வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"புதன்கிழமை பன்னெண்டுல இருந்து ஒண்ணரை ராகு காலம்," என்பார் பக்கிரிசாமி.

"அண்ணே, நான் சொல்றது காலைல ஆறு மணி."

"ஆறு மணிக்கு வாங்கினாலும் பன்னெண்டு மணிக்கு அது என் கையிலதானே இருக்கும்."

உண்மையான காரணம், பக்கிரிசாமி காலையில் ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்ததில்லை.

சோதனைக்கு முதல் நாள் அவர் காட்டிய தேர்வு, பார்க்க வேண்டிய ஒன்று. வெயில் கொளுத்திய ஒரு மணிக்கு வயலில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு கதிர் கதிராகக் கட்டைவிரல் ஓட்டினார். சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் தோலைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியை நகத்தால் குத்தினார். தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தால் பிஞ்சு. பசை மாதிரி வந்தால் முற்றல். பால் மாதிரி தெறித்தால் பக்குவம். முந்நூறு கதிரில் ஒன்றுகூடத் தப்பில்லை. லெட்சுமியே ஒன்றை ஒடித்துப் பச்சையாகக் கடித்துவிட்டு, "கற்கண்டு" என்றாள்.

"தெரியும்," என்றார் பக்கிரிசாமி.

முந்நூறையும் கோணிப்பையில் திணித்து, வேனில் ஏற்றி, வெயில் படாமல் இருக்க மேலே தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினார். செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்று மணிக்கு, அது தொடங்குவதற்குள் கிளம்பிவிட்டார். வேனை வீட்டுப் போர்ட்டிகோவில் நிறுத்திக் கதவைச் சாத்தினார். சோளம் தூங்கட்டும் என்பது அவர் கொள்கை. குழந்தை மாதிரி அது, எழுப்பக்கூடாது.

சாயங்காலம் தாமரை வந்தாள். அக்கா பந்திங்கிலிருந்து திரும்பிவிட்டாள், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், போர்ட்டிகோவில் வேனைப் பார்த்ததும் நின்றாள்.

"மாமா, கதவைத் திறங்க."

"எதுக்கு?"

"சும்மா லா."

கதவைத் திறந்ததும் சமையல்கட்டிலிருந்து வருவது மாதிரி ஒரு சூடு முகத்தில் அடித்தது. தாமரை ஒரு கோணியின் நடுவில் ஊசித் தெர்மாமீட்டரைச் செருகினாள். வெளியே முப்பத்தொன்று. உள்ளே முப்பத்தொன்பது.

"மாமா, ஒங்க சோளத்துக்குக் காய்ச்சல்."

பக்கிரிசாமி சிரித்தார். "வெயில்ல வந்துச்சுல்ல. ஆறிடும்."

"வந்து நாலு மணி நேரமாச்சு. நிழல்லதானே நிக்குது வேன். ஏன் இன்னும் சுடுது? கையை உள்ள விட்டுப் பாருங்க."

அவர் விடவில்லை. கையை விட்டால் சுடும் என்று தெரிந்த மனுஷனின் முகம் அது. மலர்விழி வாசற்படியில் வந்து நின்றாள்.

"அது மூச்சு விடுது மாமா," என்றாள் தாமரை. "பறிச்சாலும் சாகலை. ஒவ்வொரு மணியும் ஒரு விதை, உயிரோட இருக்கு. மூச்சு விட்டா சூடு வரும், சீனி எரியும். மூட்டைக்குள்ள அடைச்சா அந்தச் சூடு எங்க போகும்?"

"சீனி எரியுதாம்," என்றார் பக்கிரிசாமி மலர்விழியைப் பார்த்து. "ஒன் தங்கச்சி ஃபயர் பிரிகேடுக்கு போன் பண்ணுவா போல."

"எரியறது கொஞ்சம்தான். மிச்சம் மாவா மாறுது. செடியில இருக்கறப்ப இலை சீனி செஞ்சு கதிருக்கு அனுப்புது. விதை அதை வாங்கி மாவாக்கி மூட்டை கட்டி வைக்குது, நாளைக்கு மொளைக்கறப்ப குட்டிக்குச் சாப்பாடு வேணும்ல. நாம நடுவுல புகுந்து, சீனி நிறைய இருக்கறப்ப, மூட்டை கட்டறதுக்குள்ள பறிச்சிடறோம். இலையில இருந்து வர்றது நின்னு போச்சு. ஆனா உள்ள இருக்கற வேலைக்காரன் நிறுத்தலையே. இருக்கற சீனியை எடுத்து மாவாக்கிக்கிட்டே இருக்கான்."

"பறிச்சது தெரியாதா அவனுக்கு?"

"எங்க ஃபாக்டரி மூடினது தெரியாம நாங்க ரெண்டு நாள் போய் மெஷின் ஓட்டினோம்ல? அந்த மாதிரி. சூடு இருந்தா அவனுக்குக் கை வேகமா ஓடும். இந்த வெக்கையில ஒரு நாள் போனா பாதிச் சீனி காணாது. ஐஸ்ல போட்டா வெறைச்சுப் போயி மெதுவா செய்வான். கொதிக்கிற தண்ணியில போட்டா ஆளே காலி, அப்புறம் மாறாது."

"கடைக்காரன் வேலைக்காரனை ஐஸ்ல போடறதா? யூனியன் வரும்."

"புது ரக விதை இருக்கு, அதுல இவ்வளவு வேகமா மாறாது. லெட்சுமியக்கா போடறது பழைய ரகம், மாமா. தோல் மெல்லிசா நல்லா இருக்கும், ஆனா காத்திருக்காது."

"கண்ணுன்னு ஒண்ணு இருக்கு தாமரை. கை இருக்கு. நான் எடுத்த கதிர் நல்ல கதிர். நல்லவன் ஒரு ராத்திரியில கெட்டவனாவானா?"

"பக்கத்து வீட்டுக்காரன் ஆனானே," என்றாள் மலர்விழி.

தாமரை விவாதத்தை நீட்டவில்லை. கோணியிலிருந்து இரண்டு கதிரை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நாளைக்குக் காலைல வர்றேன்," என்று மட்டும் சொன்னாள். சோளத்தைத் திருடிக்கொண்டு போகிறாள் என்று பக்கிரிசாமி நினைத்தார். அதில் அவருக்குப் பெருமைதான்.

*

புதன்கிழமை காலை பக்கிரிசாமி எழுந்து வந்தபோது மணி ஒன்பதரை. சமையல்கட்டில் தாமரை உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் வெறும் தண்ணீரில் நாலு கதிர்கள் கொதித்து இறங்கியிருந்தன.

"மாமா, கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"கடவுளுக்கும் ஒங்களுக்கும்தான் சோளத்து மனசு தெரியுமாம். கடவுளைக் கூப்பிட்டேன், வரலை."

மறுக்க முடியாத அழைப்பு. அவர் உட்கார்ந்து கண்ணை மூடினார். மலர்விழி துண்டை எடுத்துக் கண்ணைச் சுற்றிக் கட்டினாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கி.

முதல் கதிர் கைக்கு வந்தது. கடித்தார். மென்றார். முகம் மலர்ந்தது.

"இது சோளம். தோல் பல்லுல தடுக்கலை. கடிச்ச உடனே தெறிக்குது பாரு. இது என் கை எடுத்த கதிர். எழுதி வெச்சுக்க."

இரண்டாவது வந்தது. ஒரு கடி. மெல்லுவது மெல்ல நின்றது. நாக்கு பல் இடுக்கைத் தடவியது.

"இதை எவன் எடுத்தான்?" என்றார். "மாவு. கறிக்கு உருளைக்கிழங்கு இல்லேன்னா இதைப் போடலாம். தாமரை, இது ஒன் கடைதானே? ஐஸ் ருசி நல்லா தெரியுது. கருணையே இல்லாம உள்ள இருந்த சீனியைக் கொன்னுட்ட."

துண்டை அவிழ்த்தார். மலர்விழி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"ரெண்டுமே ஒங்க கதிர்தான் மாமா," என்றாள் தாமரை. "இது சோளம்னு சொன்னது, நான் நேத்து எடுத்துட்டுப் போய் ஐஸ்ல வெச்சது. உருளைக்கிழங்குன்னு சொன்னது வேன்ல தூங்கினது."

பக்கிரிசாமி எழுந்து போர்ட்டிகோவுக்குப் போனார். ஒரு கதிரை எடுத்தார். தோல் இன்னும் பச்சை. கட்டைவிரலுக்கு மணிகள் வரிசையாகத் தட்டுப்பட்டன. நுனி மொழுக்கென்று இருந்தது. காம்பைத் திருப்பினார். நேற்று வெளுப்பாக இருந்த வெட்டு, இன்று தே தாரிக் என்னும் பால் தேநீரின் நிறத்தில் இருந்தது. அவருடைய கை பழக்கத்தில் கத்தியைத் தேடியது. ஒவ்வொரு புதன்கிழமையும் கடை விரிக்கும் முன் காம்பின் நுனியில் ஒரு சீவல் சீவிவிடுவார், பார்க்க அழகாக இருக்கும் என்று. வெட்டு மறுபடி வெளுத்துவிடும். அடுத்த நிமிஷம் அதைக் காட்டியே வாடிக்கையாளருக்குப் பாடம் எடுப்பார். பதினோரு வருஷமாக அந்தப் பாடத்தில் முதலில் ஏமாந்த மாணவர் யார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கத்தியை எடுக்கவில்லை. மணி ஒன்றை நகத்தால் குத்தினார். பால் தெறிக்கவில்லை. பசை மாதிரி நகத்தில் ஒட்டியது.

"மலரு," என்றார் உள்ளே வந்து. "இதே வேன்தான். இதே கோணி. பதினோரு வருஷமா யாரும் ஒண்ணும் சொல்லலையே."

மலர்விழி துணியைப் பிழிந்து காயப்போட்டாள். "நான் பானையில ரெண்டு குவளை சீனி போடுவேன்."

"எப்ப?"

"நீங்க பாடம் எடுக்கறப்ப."

தாமரை தெர்மாமீட்டரை மிகுந்த மரியாதையோடு அதன் உறைக்குள் போட்டாள். இந்த நேரத்தில் சிரித்தால் அது வன்முறை என்று அவளுக்குத் தெரிந்தது.

சங்கத்துப் பாத்திரம், வெறும் நீர். வேனில் முந்நூறு உருளைக்கிழங்கு. ஆறு மணிக்குச் சிவகுருநாதன். அதற்கப்புறம் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் வாஃபிள்.

"ஒண்ணும் ஆகாது," என்றார் பக்கிரிசாமி. "பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு. அடிச்சுட்டு வர்றேன்."

மூட்டைகளைப் போர்ட்டிகோவில் இறக்கி வைத்துவிட்டு வேனை எடுத்தார். காற்று அடிக்க மூட்டைகளை ஏன் இறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

*

காற்று அடிக்க ஜெஞ்சாரோம்வரை போக வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். நல்ல ராகு காலம்.

லெட்சுமி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அண்ணே, ஒடம்பு சரியில்லையா?"

"காலைல பறிச்சது ஏதாச்சும் இருக்கா?"

"பந்திங் ஆளுக்குப் பறிச்சதுல நாப்பது மிச்சம். விடியக்காலைப் பனியில பறிச்சது. கொட்டாய்க்குள்ள பரப்பி, ஈரச் சாக்கு போட்டு வெச்சிருக்கேன்."

அவர் குனிந்து கையை வைத்தார். ஈரச் சாக்கின் அடியில் கதிர்கள் குளிர்ச்சியாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் ஓட்டி, நாற்பதில் இருபத்தைந்தை எடுத்தார். கண்ணை மூடவில்லை. பேசவும் இல்லை. பக்கிரிசாமி பேசாமல் சோளம் பொறுக்கியதைப் பார்த்த ஒரே சாட்சி லெட்சுமிதான், அவள் பிறகு இதைப் பலரிடம் சொன்னாள், யாரும் நம்பவில்லை.

"கோணி தரவா?"

"வேணாம். வண்டியில பெட்டி இருக்கு."

வண்டியில் பெட்டி இருந்தது. வெள்ளையாக, மூடியோடு, பக்கத்தில் நீல மையில் ஒரு மீன் படத்தோடு. வழியில் ஒரு மீன்கடையில் வாங்கியது. பெட்டிக்குள் இரண்டு பை ஐஸ். கடைக்காரர் எதற்கு என்று கேட்டதற்கு முழங்கால் வலி என்று சொல்லியிருந்தார். இரண்டு பை ஐஸ் வைக்கிற அளவுக்கு அவருடைய முழங்கால் பெரிசில்லை. கடைக்காரர் முழங்காலையும் பைகளையும் ஒரு தரம் பார்த்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டார்.

லெட்சுமி கொட்டாய்க்குள் போகும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை கதிர், மறுபடி ஐஸ். தோலை உரிக்காமல் அப்படியே. கை விறைத்தது. மூடியைச் சாத்தி, மீன் படம் உட்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்.

*

ஐந்தரை மணிக்குச் சந்தை நிறைந்திருந்தது. பதினான்காம் லாட்டில் மலர்விழி எண்ணெய்ச் சட்டி வைத்திருந்தாள். போர்ட்டிகோவில் கிடந்த முந்நூறையும் வீணாக்க மனசில்லாமல், அக்காவும் தங்கையும் மத்தியானம் முழுக்க மணியை உதிர்த்து, அரைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து வடை தட்டத் தயாராக வைத்திருந்தார்கள். மாவாகிவிட்ட சோளம் வடைக்கு நன்றாகப் பிடித்தது. வரிசை மின்கம்பத்தைத் தாண்டி நின்றது.

ஆறு மணி என்றால் ஆறு மணி. சிவகுருநாதன் ஒரு கையில் சங்கத்துப் பாத்திரத்தோடும் மறு கையில் படிவத்தோடும் வந்தார்.

"பக்கிரிசாமி, கதிர்களைக் கொண்டு வாருங்கோ."

பக்கிரிசாமி வேனுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் எதையோ துடைத்துவிட்டு, ஒரு கூடையில் பத்துக் கதிரோடு வந்தார். கூடையிலிருந்து நீர் சொட்டியது.

"ஏன் ஈரமாயிருக்கு?"

"கழுவினேன் சார்."

சிவகுருநாதன் ஒரு கதிரைத் தொட்டார். கையை எடுத்தார். மறுபடி தொட்டார். "சில்லென்று இருக்கே."

"நல்ல தண்ணி சார்."

செயலாளர் வேனை எட்டிப் பார்த்தார். அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்த கண் அது. "அந்த வெள்ளைப் பெட்டியில் என்ன?"

பக்கிரிசாமி இடதுபக்கம் பார்த்தார். பக்கத்தில் தாமரை வடை தட்டிக்கொண்டிருந்தாள், தலை குனிந்து, காது முழுக்க இந்தப் பக்கம்.

"மீன்," என்றார் பக்கிரிசாமி.

"மீனோ?" சிவகுருநாதன் பேனாவை மூடினார். "இந்த லாட்டுக்குச் சோளத்துக்கு மட்டும்தானே அனுமதி. மீன் விற்கிறதுக்கு வேறை படிவம். மீன் இருக்குமானால் நான் சோளத்தைச் சுவைக்க ஏலாது, நேராக லாட்டை ரத்து செய்ய வேண்டி வரும். திறந்து காட்டுங்கோ."

பதினோரு வருஷத்து இடம் ஒரு மூடியின் கீழே இருந்தது. பக்கிரிசாமி போய் மூடியைத் தூக்கினார். ஐஸுக்கு நடுவில் பதினைந்து கதிர்கள், பச்சைத் தோலோடு, வரிசையாக, ஆஸ்பத்திரிக் குழந்தைகள் மாதிரி படுத்திருந்தன.

வரிசையில் நின்றவர்களில் யாரோ, "பொணத்துக்குத்தான் ஐஸ் வைப்பாங்கன்னு சொன்னீங்களே அங்கிள்?" என்றார்கள்.

"சோளம்தான் சார்," என்றார் பக்கிரிசாமி, கேட்டவருக்குப் பதில் சொல்லாமல்.

"பிறகு ஏன் மீன் என்றீர்கள்?"

இதற்குப் படிவத்தில் இடம் இல்லை. சிவகுருநாதன் கூடையிலிருந்து ஒரு கதிரைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுக்கும் முன் பத்தையும் உரித்தார். பக்கிரிசாமி ஒவ்வொரு தோலும் உரியும்போது கண்ணை மூடித் திறந்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

வெறும் நீரில் ஐந்து நிமிஷம். சிவகுருநாதன் கைக்குட்டையால் பிடித்து ஒரு வரிசை கடித்தார். மென்றார். படிவத்தைப் பார்த்தார். இன்னொரு வரிசை கடித்தார். படிவத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மிச்சம் முழுவதையும் தின்றார். பிறகு எழுதினார், எழுதியதை வாசித்தும் காட்டினார்.

"லாட் எண் பதினான்கு. தோற்றம், திருப்தி. சுவை, இனிப்பு. உருளைக்கிழங்கு, இல்லை. புகார் முடிக்கப்பட்டது." கையெழுத்திட்டு ஒரு பிரதியைக் கொடுத்தார். "எப்படித் தெரிவு செய்கிறீர்கள் பக்கிரிசாமி?"

கேட்டிருக்கக் கூடாது. சந்தை முழுக்க மூச்சைப் பிடித்தது. பக்கிரிசாமியின் கட்டைவிரல் தானாக நிமிர்ந்தது. நெஞ்சு விரிந்தது. உலகத்தில் சோளத்தின் மனசை அறிந்தவர்கள் என்று தொடங்க வாய் திறந்தவர், சட்டிப் பக்கம் பார்த்தார். மலர்விழி வடையைத் திருப்பிப் போட்டாள். தாமரை நிமிரவே இல்லை.

"அமுக்கிப் பார்ப்பேன் சார்," என்றார்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

செயலாளர் பாத்திரத்தோடு போனதும் தாமரை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தெர்மாமீட்டரை உறையிலிருந்து எடுத்து, பெட்டியிலிருந்த ஒரு கதிரின் நடுவில் செருகிக் காத்திருந்தாள். பக்கிரிசாமி வேறு எங்கோ பார்ப்பது போல் நின்று, எட்டிப் பார்த்தார்.

"ஒம்பது," என்றாள்.

"போதுமா?" மிகவும் மெல்லிய குரல்.

"இன்னும் ஒரு பை போடலாம் மாமா. ஓரத்துல உருகிருச்சு."

பக்கிரிசாமி தலையாட்டினார். ஒரு வாளியை எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து, சந்தையின் கடைசியில் மீன் விற்கும் பக்கமாக நடந்தார். பாதி வழியில் நின்று, லேசாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்ட ஆரம்பித்தார்.